திறந்த பூட்டோடு விற்கப்பட்ட போன்

கண்டி மத்திய சந்தைக்குப் பின்னால், படியேறிப் போக வேண்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் ஹுதைபாவின் போன் கடை இருக்கிறது. முன்பக்கம் கவர், சார்ஜர், இயர்போன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு மேசைகள். ஒன்றில் ஹுதைபா உட்கார்ந்து திரை மாற்றுவார், பற்றரி மாற்றுவார். மற்றது அவருடைய தங்கை ஜஹானாவின் மேசை. அதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூடக் கிடையாது. ஒரு மடிக்கணினி, நாலைந்து வயர்கள், மூலை மடிந்த ஒரு கொப்பி, அவ்வளவுதான். போனின் உடம்பை அண்ணன் பார்ப்பார். உள்ளே ஓடுகிற மென்பொருளைத் தங்கை பார்ப்பாள்.

ஜஹானாவுக்கு முப்பத்து நாலு வயது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். உயர்தரத்தில் பௌதிகம் படித்தாள், பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை, அண்ணன் கடையில் கவர் விற்க வந்தாள். அப்படியே விற்றுக்கொண்டு இருந்திருப்பாள். அவளுடைய சொந்தப் போன்தான் விடவில்லை.

அந்தப் போனுக்கு இரண்டு வயதான போதே கம்பெனி புதிய மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஏன் நிறுத்தினார்கள் என்று தேடப்போனவள், உலகத்தின் பல மூலைகளில் ஆட்கள் இப்படிக் கைவிடப்பட்ட போன்களுக்குத் தாங்களே மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். ஆனால் அதை ஏற்றுவதற்கு ஒரு கதவைத் திறக்க வேண்டும். பூட்லோடர் என்பது அந்தக் கதவின் பெயர். போனுக்குள் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழித்துக்கொள்கிற சின்ன நிரல்களில் ஒன்று அது. அடுத்து ஓடப் போகிற மென்பொருளில் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் வழிவிடும். பூட்டைத் திறந்துவிட்டால் முத்திரை இல்லாததையும் உள்ளே விட்டுவிடும்.

திறப்பதற்குக் கம்பெனியிடம் அனுமதி கேட்டாள். நூற்று அறுபத்தெட்டு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னது. பொறுத்தாள். ஏழாம் நாள் திறந்தாள். திறக்கும்போது போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையைச் சரியாக வாசிக்காததால், தங்கை முறையான ஒருத்தியின் கலியாணப் படங்கள் எல்லாம் போயின. பிறகு மென்பொருளை ஏற்றினாள். போன் கம்பெனியின் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அதே பெயரில் இரண்டு வகைப் போன்கள் இருப்பதும், தான் ஏற்றியது மற்ற வகைக்கானது என்பதும் பதினோராவது நாள்தான் தெரிய வந்தது.

"அந்தப் பதினோரு நாளும் எனக்கு சோறு எறங்கல்ல. ஆனா சந்தோசமா ஈந்திச்சி" என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு கவர் விற்கிற வேலையை வேறொருவர் பார்க்க வேண்டியதாயிற்று.

தொழிலில் அவள் பட்ட முதல் அடி நிரோஷன் என்ற ஆசிரியரால் வந்தது. பழைய போனைக் கொண்டுவந்து, "இதுக்குப் புது உயிர் குடுங்க டீச்சர்" என்றார். எல்லோரையும் டீச்சர் என்று கூப்பிடுகிற பழக்கம் அவருக்கு. ஜஹானா பூட்டைத் திறந்து புதிய மென்பொருள் ஏற்றிக் கொடுத்தாள். போன் பறந்தது. இரண்டு நாளில் திரும்பி வந்தார். வங்கியின் செயலி திறக்க மறுக்கிறதாம். அன்றைக்குத்தான் அவள் விஷயத்தின் மறுபக்கத்தைப் படித்தாள். வங்கிச் செயலி தன்னைத் திறக்க விடுமுன் போனிடம் ஒரு சான்று கேட்கிறது. உன் பூட்டு மூடியிருக்கிறதா, உன்னில் ஓடுவது கம்பெனி முத்திரையிட்ட மென்பொருளா என்று. அந்தச் சான்றில் கையெழுத்து வைப்பது போனுக்குள் புதைந்திருக்கிற ஒரு சிப். அதைப் பொய் சொல்ல வைப்பது லேசான காரியமில்லை. எல்லா வங்கியும் இவ்வளவு கண்டிப்பில்லை, சில செயலிகள் கேட்பதே இல்லை. நிரோஷனின் வங்கி கேட்டது.

கம்பெனியின் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றி, பூட்டை மூடிக் கொடுத்தாள். செயலி திறந்தது. அன்றிலிருந்து யார் பூட்டைத் திறக்கக் கேட்டு வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "இந்த போன்ல பேங்க் ஆப் பாவிக்கிறீங்களா?" இரண்டாவது, "வொரண்டி இன்னும் ஈக்கா?" சில கம்பெனிகள் திறந்தாலும் வன்பொருளுக்கு உத்தரவாதம் கொடுக்கும், சில கொடுக்காது. ஒரு வகைப் போனில் திறந்த உடனே உள்ளே ஒரு சின்ன ஃபியூஸ் எரிந்துவிடும். பிறகு எத்தனை முறை மூடினாலும் திறந்த கதை அழியாது. இதெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், கம்பெனி வாரியாக.

அந்தோனியம்மா வந்தது ஒரு ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை. ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது தாண்டியவர். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் இருபத்து மூன்று குழந்தைகள் அவருடைய பொறுப்பில். அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார். கையில் பெட்டியோடு போன், பில், கூடவே ஒரு கடதாசி. முகம் அழுது கழுவிய முகம்.

"இந்தக் கடையில ஒரு மிஸ் இருக்காங்க, சாப்ட்வேர் பாப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"நான்தான். இரிங்க. என்ன நடந்த?"

"சார்ஜ் ஏற மாட்டேங்குதுங்க. வயரை வளைச்சுப் புடிச்சாத்தான் ஏறும். ஒரு வருச வாரண்டி இருக்கேன்னு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அவங்க பாத்துட்டு இந்தக் கடதாசியக் குடுத்தாங்க. நான் என்னமோ பூட்ட ஒடைச்சிட்டேனாம். அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டே கேக்குது, யாருகிட்டக் குடுத்து வேலை பாத்தீங்கன்னு. நான் ஒன்னுமே பண்ணலீங்க. கவரக்கூட கழட்டினதில்ல."

கடதாசியில் இருந்தது இரண்டே வரி. பூட்லோடர் திறக்கப்பட்டுள்ளது. உத்தரவாதம் செல்லாது.

தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்த ஹுதைபா, "யாராச்சும் மகன்மார் செஞ்சிருப்பாங்க" என்றார்.

"எம் மவன் கத்தார்ல இருக்கானுங்க. இந்தப் போனை அவன் கண்ணாலயே பாத்ததில்ல."

ஜஹானா போனை அணைத்துத் திரும்பப் போட்டாள். கம்பெனியின் பெயர் வந்தது. அதற்கு மேலே, அரிசிமணி அளவில், திறந்த பூட்டு ஒன்றின் படம். இரண்டு மூன்று வினாடிதான் இருக்கும், பிறகு மறைந்துவிடும். சர்வீஸ் சென்டர்க்காரர்கள் சொன்னது உண்மைதான்.

"அக்கா, இந்த போன்ல பேங்க் ஆப் போட்டீங்களா?"

"வாங்கின அன்னைக்கே போட்டேங்க. பேங்குக்கு வரணும்னா எனக்கு ஒரு நாள் லீவு போவுது, பஸ் ஏறி எறங்கி. அதுக்காகத்தான் இந்தப் போனே வாங்கினேன். ஆனா திறக்கவே இல்ல. 'உங்கள் சாதனம் பாதுகாப்பானதல்ல'ன்னு வருது. பேங்குல கேட்டா போன்ல பிரச்சினைங்கிறாங்க, போன் கடையில கேட்டா பேங்குல பிரச்சினைங்கிறாங்க. எட்டு மாசம் இப்படியே போச்சு."

அந்த இடத்தில்தான் ஜஹானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாங்கின அன்றைக்கே செயலி திறக்கவில்லை. அப்படியானால் பூட்டு அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும்.

நம்புவது வேறு, காட்டுவது வேறு. எப்படிக் காட்டுவது? சிறிது நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை வயரால் மடிக்கணினியில் கொழுவினாள். ஒவ்வொரு செயலியும் இந்தப் போனில் முதன்முதலில் எப்போது ஏறியது என்று போன் திகதி வைத்திருக்கும். வங்கிச் செயலியைக் கேட்டாள். போன வருடம் நவம்பர் ஒன்பது, மாலை ஆறு நாற்பது. பில்லிலும் நவம்பர் ஒன்பது.

"நானா, இங்க வாங்க. பூட்டத் தொறந்தா போன் முழுக்க அழிஞ்சிரும் தானே?" என்று அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஓ" என்று ஆமோதித்தார் ஹுதைபா.

"அப்ப அதுக்குப் பொறகு தொறந்திருந்தா இந்தத் திகதி ஈக்காது. புதுசா ஒரு திகதி ஈக்கும். இந்த ஆப் ஏறி எட்டு மாசமா ஒருக்காலும் போன் அழிஞ்சில்ல. இவங்க கைக்கு வாறத்துக்கு முந்தியே தொறந்திட்டாங்க."

ஹுதைபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

அந்தோனியம்மாவுக்கு எல்லாம் புரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "அப்ப நான் பண்ணலைன்னு இதுல தெரியுதுங்களா?"

"தெரியுது அக்கா. எழுதியே ஈக்கி."

அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்பது மிச்சம். ஜஹானா போனிடம் அது எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டாள். சீனா என்றது. ஆனால் உள்ளே ஓடுவது வெளிநாடுகளுக்கான மென்பொருள், தமிழ் மெனுவோடு. பெட்டியின் பின்பக்கத்தில் ஆங்கில ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினாள். அடியில் சீன எழுத்து.

விஷயம் விளங்கிற்று. சீனாவில் விற்பதற்கான போன் விலை குறைவு. அதை எடுத்து, பூட்டைத் திறந்து, வெளிநாட்டு மென்பொருளை ஏற்றி, ஸ்டிக்கர் ஒட்டி, வெளிநாட்டுச் சரக்கு என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வாங்குகிறவர் கண்ணுக்குத் தமிழ் தெரியும், படம் தெரியும், எல்லாம் ஓடும். வங்கிச் செயலிக்கு மட்டும் தெரிந்துவிடும்.

"அவ்வளவுதானே? பூட்டத் திருப்பிப் போடு. ஒரு கட்டளை" என்றார் ஹுதைபா.

"போட்டா செத்துரும் நானா! பூட்டு மூடினா, சீன போன்ல வெளிநாட்டு சொப்ட்வெயார் என்னத்துக்குன்னு கேட்டு அப்பிடியே நிண்டிரும்."

பிறகு அந்தோனியம்மாவின் பக்கம் திரும்பி, உள்ள வழிகளைச் சொன்னாள். சீன மென்பொருளையே ஏற்றிப் பூட்டலாம். வங்கிச் செயலி பெரும்பாலும் ஓடும், ஆனால் மெனுவில் தமிழ் இருக்காது, ஆங்கிலமும் சீனமும்தான். இங்குள்ள ஏஜென்ட் உத்தரவாதமும் கிடைக்காது, அவர்கள் கொண்டுவந்த சரக்கில்லை என்பதால்.

"வேற சில பேர், தொறந்த பூட்ட மறைச்சி பேங்க ஏமாத்துற மாதிரி ஒண்டு போட்டுத் தருவாங்க. நான் செய்ற இல்ல. இண்டைக்கு ஓடும், அடுத்த கிழமை நிண்டிரும். அதோட, அப்பிடிச் செய்றத்துக்கு போன்ட எல்லாக் கதவையும் தொறக்கணும். ஒங்கட சல்லி ஈக்கிற போன்ல எனக்கு அது ஏலா."

அந்தோனியம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு இங்கிலீசு வாசிக்க வராதுங்க. தமிழும் வேணும், பேங்கும் வேணும். அப்படித்தான் சொல்லி வித்தாங்க" என்றார்.

"அப்ப வித்த இடத்துக்குப் போவம். நானும் வாறன்."

போனை விற்ற ஃபாஸிலின் கடை நடந்து போகிற தூரம். ஜஹானா மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டாள். ஃபாஸிலை அவளுக்கு முகப் பழக்கம் உண்டு. சண்டை வருமென்று நினைத்துத்தான் போனாள்.

ஃபாஸில் பில்லைப் பார்த்தார். "எட்டு மாசம் பாவிச்ச போன். சர்வீஸ் சென்டர் ஏலாதெண்டா நான் என்ன செய்ய?" என்றார். "நான் சீல் ஒடைக்காத பொட்டிதான் விக்கிற. தொறந்தது நீங்களோ வேற யாரோ."

"ஃபாஸில் நானா, நீங்க செஞ்சீங்கண்டு நான் செல்ல இல்ல" என்றாள் ஜஹானா. "இதே மொடல் ஒங்கட்ட இன்னும் ஈக்கா?"

கண்ணாடி அலுமாரியில் நாலு இருந்தன. மூன்று காட்சிக்கு வைத்தவை, ஒன்று சீல் போட்ட பெட்டி. மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஜஹானா விரலால் இடத்தைக் காட்டினாள். மூன்றிலும் அரிசிமணிப் பூட்டு திறந்து கிடந்தது.

ஃபாஸில் நாலாவது பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறை இறுக்கமாக இருந்தது. "இது ஒடைக்க இல்ல. பாருங்க, ஒடைக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவரே கிழித்தார். புத்தம் புதுப் போன். பொத்தானை அழுத்தினார். முதன்முதலாக விழிக்கிற போனில் கம்பெனியின் பெயர் வந்தது. மேலே திறந்த பூட்டு.

கடைக்குள் வந்த யாரோ சார்ஜர் விலை கேட்டார்கள். ஃபாஸில் அந்தப் போனை அணைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"கொழும்புல எடுக்கிற. குளோபல் எண்டு செல்லித்தான் தாறாங்க" என்றார் கடைசியில். "நான் பதினொண்டு வித்திருக்கன்."

அந்தோனியம்மாதான் அவருக்கு ஆறுதல் சொன்னார். "நீங்களும் என்னை மாதிரித்தான் போல, தெரியாம மாட்டிக்கிட்டீங்க."

அதைக் கேட்டு ஃபாஸில் சிரித்துவிட்டார். சிரித்த மனுசனால் பிறகு மல்லுக்கட்ட முடியவில்லை. இங்குள்ள ஏஜென்ட் மூலம் வந்த வேறொரு போனை மாற்றித் தருவதாக எடுத்து வைத்தார். திரை கொஞ்சம் சின்னது, கேமராவும் மட்டு. அந்தோனியம்மா வாங்கிப் பார்த்தார், ஆனால் உடனே பையில் போடவில்லை. அணைத்துப் போட்டு, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பூட்டுப் படம் எதுவும் இல்லை.

"இப்ப பேங்கப் போட்டுத் தாங்க. இங்கயே, உங்க முன்னாலேயே."

பழைய போனிலிருந்து காப்பகக் குழந்தைகளின் படங்களையும் மகனின் குரல் பதிவுகளையும் ஜஹானா முதலில் புதியதற்கு மாற்றினாள். தான் ஒருமுறை செய்த பிழையை இன்னொருவரின் படங்களில் செய்ய அவளுக்கு விருப்பமில்லை. பிறகு செயலியை இறக்கினார்கள். இலக்கம் கேட்டது, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டது, விரலை வைக்கச் சொன்னது. திரை ஒரு கணம் வெள்ளையாகி, அந்தோனியம்மாவின் பெயரைத் தமிழில் காட்டி வணக்கம் சொன்னது. அவர் தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் செயலியின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று கண்டார். அங்கே நின்றபடியே மின்சாரக் கட்டணத்தைக் கட்டினார். தேவைக்காக அல்ல, கட்ட முடிகிறதா என்று பார்க்க.

"இவ்வளவுதானா!" என்றார். "இதுக்காங்க நான் ஒவ்வொரு மாசமும் பஸ் ஏறினேன்?"

ஃபாஸில் அடுத்த வாரம் செய்த காரியத்தை ஜஹானா எதிர்பார்க்கவில்லை. தன் பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மற்றப் பத்துப் பேருக்கும் போன் பண்ணினார். எட்டுப் பேர் எடுத்தார்கள். மூன்று பேர், பேங்க் ஆப் தங்களுக்குத் தேவையில்லை, போன் நன்றாக ஓடுகிறது, விடுங்கள் என்றார்கள். ஒருவர் ஏற்கெனவே விற்றுவிட்டாராம். நாலு பேர் வந்தார்கள். அவர்களிடம் ஜஹானா வழிகளைச் சொன்னாள். இரண்டு பேர் சீன மென்பொருளைத் தெரிவு செய்தார்கள், இரண்டு பேர் போனை மாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஃபாஸிலின் கடையில் அந்த வகைப் போன் சீன மென்பொருளோடு விற்பனைக்கு உண்டு. பெட்டியின் மேல் அவருடைய கையெழுத்தில், "சீனச் சரக்கு, தமிழ் இல்லை, ஏஜென்ட் வொரண்டி இல்லை" என்று எழுதியிருக்கும். கொழும்பிலிருந்து அனுப்பியவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். போனை எடுக்கிறார் இல்லை என்றார் ஃபாஸில்.

சீன மென்பொருளை ஏற்றுகிற வேலை ஜஹானாவின் மேசைக்கு வந்தது. ஏற்றும் கருவியில் 'எல்லாவற்றையும் அழித்துப் பூட்டு' என்ற தெரிவு தானாகவே குறியிடப்பட்டிருக்கும். கை தவறி அதோடு வெளிநாட்டு மென்பொருளை ஏற்றினால் போன் செங்கல்தான், திரும்ப விழிக்காது. ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் தொடங்குவாள். முதலாவது போன் பூட்டோடு விழித்தபோது, வங்கிச் செயலி திறக்குமா என்று பார்க்க வேலையை விட்டுவிட்டு ஹுதைபாவும் வந்து நின்றார். திறந்தது.

ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அதை அவள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறாள், நான் பதில் சொல்லத் தகுதி உள்ளவன் போல. நிரோஷன் சேரின் பழைய போனில் ஓடுவது பல வருடமாகத் திருத்தம் பெறாத மென்பொருள். அதில் உள்ள ஓட்டைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பூட்டு மூடியிருப்பதால் வங்கி அதை ஏற்கிறது. அதே போனில் போன மாதம் திருத்தப்பட்ட புதிய மென்பொருளை ஏற்றினால், பூட்டு திறந்திருப்பதால் மறுக்கிறது. எது பாதுகாப்பு?

கடைசியில் ஒரு வங்கிக்கே எழுதினாள், ஒரு பக்கம், தமிழில். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், அந்த வங்கியின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து அர்கம் என்று ஒருவர் போனில் பேசினார். நாற்பது நிமிடம் பேசினார்கள்.

"உங்கட கேள்வி சரி" என்றாராம் அவர். "பூட்டு மூடி இருந்தா அதுக்குள்ள இருக்கிறது கம்பெனி செஞ்சதுதான்னு எங்களுக்குத் தெரியும். பழசா இருந்தாலும் என்னன்னு தெரியும். திறந்து இருந்தா, அதுல மென்பொருள் ஏத்தினது நீங்களா, கள்ளனான்னு எங்களுக்குத் தெரியாது. உங்கட கையையும் அவன்ட கையையும் பிரிச்சுப் பாக்க எங்களுக்கு வழியில்ல. மிச்சம் பழைய போன்களையும் இனிக் கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டத்தான் போறோம்."

"சொந்தச் சாவியால பூட்டுற போன்கள் ஈக்கி தானே?" என்று கேட்டாள் அவள். சில கம்பெனிகளின் போன்களில் வேறு மென்பொருளை ஏற்றி, அதை எழுதியவர்களின் சாவியாலேயே, அதாவது அவர்களுடைய முத்திரையை ஏற்கும்படி, பூட்டை மீண்டும் மூடலாம். போடும்போது மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வரும், அவ்வளவுதான். "அதுல யார்ட சாவி எண்டு போனே செல்லும். நீங்க நம்புற சாவிகள ஒரு பட்டியலாப் போடலாமே?"

அர்கம் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர், "போடலாம். எங்கட இடத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

கேட்டால் மட்டும் நடந்துவிடாது என்று ஜஹானாவுக்குத் தெரியும். ஆனாலும் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து, அந்த வகைப் போன்கள் எவை எவை என்று எழுதத் தொடங்கினாள். ஹுதைபா சாப்பாட்டுப் பொதியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அது ஆறிப்போனதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.